காலையில் 34 டிக்கெட்டில் மூன்றைத் தேர்ந்தெடுக்கிறேன், மாலையில் அந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன

பகல்வெளிச்சம் · செவ்வாய், காலை 9:48

ஏழு பேர் கொண்ட ஒரு மென்பொருள் பராமரிப்புக் குழுவில் இருக்கிறேன். என் பெயரில் இன்று 34 டிக்கெட் திறந்திருக்கின்றன. காலையில் வந்ததும் ஜிராவில் இந்த ஃபில்டரைத்தான் முதலில் திறப்பேன்:

```
assignee = currentUser() AND resolution = Unresolved ORDER BY due ASC
```

மேலிருந்து கீழ் வரை ஒவ்வொன்றாகத் திறந்து படித்து, அன்றைக்கு முக்கியமான மூன்றைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டருக்குக் கீழே ஒட்டிக்கொள்வேன். இதற்கே முக்கால் மணி நேரம் போய்விடுகிறது. மாலையில் கிளம்பும்போது சீட்டைப் பார்த்தால் ஒன்று முடிந்திருந்தால் அதிர்ஷ்டம். நாள் முழுக்கச் சும்மா இருந்தேனா என்றால் அதுவும் இல்லை, ஏதேதோ முடித்திருப்பேன். சீட்டில் இருப்பது மட்டும் முடிந்திருக்காது.

தேர்ந்தெடுக்கும் முறையில் கோளாறா, தேர்ந்தெடுத்த பிறகு கோளாறா என்று தெரியவில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

---

விரல்நுனி · காலை 10:05

கெடுவை வைத்து வரிசைப்படுத்துவதுதான் தப்பு. பிரையாரிட்டியை வைத்து வரிசைப்படுத்துங்கள். `Highest`, `High` மட்டும் பாருங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். அப்புறம், பத்து நிமிடத்தில் முடியும் சில்லறை வேலைகளை முதலில் தட்டிவிட்டால் மனம் லேசாகிவிடும், எண்ணிக்கையும் குறையும். நான் இப்படித்தான் போன மாதம் 40-லிருந்து 22-க்கு இறக்கினேன்.

---

வழிப்போக்கன் · காலை 10:11

எங்கள் இடத்தில் தினமும் காலை அரை மணி நேரம் டெஸ்டிங் லீடும் இரண்டு டெவலப்பர்களும் உட்கார்ந்து, முந்தின நாள் வந்த பிழைகளை எல்லாம் பார்த்து யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்துவிடுவோம். உங்கள் குழுவில் அப்படி ஒரு மீட்டிங் இல்லையா? அதைத் தொடங்கச் சொல்லுங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

---

பகல்வெளிச்சம் · காலை 10:14

@வழிப்போக்கன் அது எங்களிடமும் இருக்கிறது. நான் கேட்பது அதற்கு அடுத்த கட்டம். பிரித்துக் கொடுத்தாகிவிட்டது, எல்லாம் என் தலையில் இருக்கிறது. அதிலிருந்து இன்றைக்கு எது என்பதுதான் கேள்வி.

@விரல்நுனி 34-இல் 19 `High`. அதனால்தான் கெடுவுக்கு மாறினேன்.

---

கருங்காலி · காலை 10:22

பொதுவாகப் பேசினால் ஆளுக்கு ஒரு முறை சொல்வார்கள். இன்றைய பட்டியலையே போடுங்கள், பார்த்துவிடலாம். 34-ம் வேண்டாம், சீட்டுக்குப் போட்டி போடக்கூடிய ஆறு ஏழு போதும். ஒவ்வொன்றுக்கும் மூன்று விவரம் எழுதுங்கள்: கெடு என்ன, உங்கள் கை வேலை எவ்வளவு நேரம், உங்களைத் தவிர வேறு யாராவது அதில் கை வைக்க வேண்டுமா. இன்று மீட்டிங் எவ்வளவு நேரம் என்பதையும் சொல்லுங்கள்.

இன்னொன்று. உங்களுக்காக யாராவது காத்திருக்கிறார்களா? அது உங்கள் டிக்கெட்டாக இல்லாவிட்டாலும் எழுதுங்கள்.

---

பகல்வெளிச்சம் · காலை 10:31

சரி. பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

அறிக்கையை எக்ஸெலாக இறக்கும்போது தேதி தப்பாக வரும் பிழை. இன்றுதான் கெடு. `High`. மூன்று மணி நேரம் ஆகலாம்.

ஒரு வாடிக்கையாளரின் பில்லில் மொத்தத் தொகை ஒத்துப்போகவில்லை என்று சப்போர்ட் குழு நேற்று மாலை அனுப்பியது. கெடு போடவில்லை. பத்து நிமிடமும் ஆகலாம், நாள் முழுக்கவும் ஆகலாம்.

புதிய வசதி ஒன்றுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்ற மதிப்பீடு. நாளை 11 மணி மீட்டிங்கில் கேட்பார்கள். ஒரு மணி நேரம்.

ஒரு சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்த வியாழன் காலாவதி. என் வேலை கால் மணி நேரம், படிவம் நிரப்பி அனுப்புவதுதான். பாதுகாப்புக் குழு கொடுக்க ஐந்து வேலை நாள் எடுத்துக்கொள்ளும்.

பழைய லைப்ரரி ஒன்றைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது. மாதக் கடைசி ரிலீசில் போக வேண்டும், இன்றையும் சேர்த்து 14 வேலை நாள் இருக்கிறது. சுமார் 20 மணி நேர வேலை.

உள் பயன்பாட்டுக்கான ஒரு ஆவணப் பக்கம். யாரும் கேட்கவில்லை.

காத்திருப்பவர் என்றால், பக்கத்து இருக்கைக்காரர் நேற்று மதியம் ஒரு ரிவ்யூ கேட்டிருந்தார். 40 நிமிடம் ஆகும். அது அவருடைய டிக்கெட் என்பதால் என் பட்டியலில் இல்லை.

மீட்டிங்: காலை கால் மணி நேரம் முடிந்துவிட்டது. 11 முதல் 12, 3 முதல் 4:30. அலுவலகம் 9:30 முதல் 6:30.

இன்றைய சீட்டு: தேதிப் பிழை, பில் பிரச்சினை, லைப்ரரி.

---

கருங்காலி · காலை 10:36

படித்துவிட்டேன். நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, மதிய இடைவேளையில் வருகிறேன். அதற்குள் அந்தச் சான்றிதழ் படிவத்தை மட்டும் அனுப்பிவிடுங்கள். 11 மணி மீட்டிங்குக்கு முன்பே.

---

கருங்காலி · மதியம் 1:10

முதலில் நேரக் கணக்கு. ஒன்பது மணி நேரத்தில் சாப்பாட்டுக்கு ஒன்று போனால் எட்டு. மீட்டிங் இரண்டே முக்கால் மணி நேரம். மிச்சம் ஐந்தே கால். இதில் மூன்றில் ஒரு பங்கை நான் எப்போதும் தொடாமல் வைத்துவிடுவேன், யாராவது தோளைத் தட்டுவார்கள் என்று தெரியும், எதற்கென்றுதான் தெரியாது. ஆக உங்கள் கையில் இருப்பது மூன்றரை மணி நேரம். நீங்கள் எழுதிய மூன்றில் தேதிப் பிழைக்கே மூன்று மணி நேரம் போய்விடும். சீட்டு எழுதும்போதே அது முடியாத சீட்டு. மாலையில் ஏமாற்றம் வராமல் என்ன செய்யும்?

இப்போது கெடு. டிக்கெட்டில் இருப்பது வேலை முடிய வேண்டிய நாள். காலையில் உங்களுக்குத் தேவைப்படுவது வேறு நாள்: இதற்குமேல் தள்ளினால் முடியாது என்னும் கடைசித் தொடக்க நாள். அதை ஜிரா காட்டாது, நீங்கள்தான் பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டும்.

சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வியாழன் காலாவதி என்றால் புதன் இரவாவது சர்வரில் ஏற்றியாக வேண்டும். அப்படியென்றால் செவ்வாய்க்குள் கைக்கு வர வேண்டும். பாதுகாப்புக் குழுவுக்கு ஐந்து வேலை நாள்: புதன், வியாழன், வெள்ளி, திங்கள், செவ்வாய். ஆக படிவம் இன்றே போக வேண்டும். உங்கள் கெடு வரிசையில் இது எங்கே இருந்தது? பத்துக்கும் கீழே இருந்திருக்கும். வேலை கால் மணி நேரம்தான், ஆனால் ஒரு நாள் தள்ளினால் பின்னால் என்ன செய்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. இன்றைய பட்டியலில் இதுதான் முதல்.

ரிவ்யூவுக்கு வருகிறேன். "என் பெயரில் இருப்பவை" என்ற ஃபில்டர் பாதிதான் காட்டும். உங்களால் நின்றுபோயிருக்கும் வேலை அடுத்தவர் பெயரில் இருக்கும், உங்கள் திரையில் வராது. நேற்று மதியத்திலிருந்து ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறார், அல்லது வேறொன்றைத் தொடங்கி இரண்டையும் பாதியில் வைத்திருக்கிறார். உங்கள் 40 நிமிடம் அவருடைய ஒரு நாளை விடுவிக்கும். நிரல் கிட்ஹப்பில் இருந்தால் இந்தத் தேடலையும் காலையில் திறந்து வையுங்கள்:

```
is:open is:pr review-requested:@me
```

மதிப்பீடு நாளை 11 மணிக்கு வேண்டும். நாளைக் காலையில் செய்யலாமே என்று தோன்றும். நாளைக் காலையும் இன்றைக் காலை மாதிரிதான் இருக்கும். இன்றே.

பில் பிரச்சினை ஆழம் தெரியாத வேலை. இப்படிப்பட்டதற்கு நேரம் மதிப்பிட முயலாதீர்கள், எல்லை போடுங்கள். ஒரு மணி நேரம் லாகுகளைப் பாருங்கள். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் இதுவரை எதைப் பார்த்தேன், எது காரணம் இல்லை என்பதை டிக்கெட்டில் எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். சப்போர்ட்டுக்கும் ஏதோ பதில் போய்ச் சேரும், நாளை நீங்களும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

கூட்டுங்கள்: 15, 40, 60, 60. மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. அவ்வளவுதான் இன்று.

லைப்ரரிதான் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது. 14 நாள் இருக்கிறதே, 20 மணி நேரம்தானே, மூன்று நாள் போதும் என்று தோன்றும். ஆனால் உங்கள் ஒரு நாள் என்பது மூன்றரை மணி நேரம். அதிலும் பாதியை ரிவ்யூ, பில் மாதிரி அன்றன்றைக்கு வருவது எடுத்துக்கொள்ளும். லைப்ரரிக்குக் கிடைப்பது நாளுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். இருபதை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட 12 வேலை நாள். ஆக கடைசித் தொடக்க நாள் வியாழன். மாதக் கடைசி என்று நினைத்துக்கொண்டிருந்தது நாளை மறுநாள் வந்து நிற்கிறது. இன்று அதைத் தொட வேண்டாம், காலண்டரில் வியாழன் முதல் தினமும் காலை ஒன்றே முக்கால் மணி நேரத்தை அடைத்துவையுங்கள். 11 மணி மீட்டிங் தினமும் இல்லையென்று நம்புகிறேன்.

---

விரல்நுனி · மதியம் 1:24

இன்று கெடு, `High` என்று இருக்கும் பிழையை விட்டுவிட்டு, கெடுவே இல்லாத அடுத்தவர் ரிவ்யூவைச் செய்யச் சொல்கிறீர்கள். மேனேஜர் கேட்டால் இவர் என்ன பதில் சொல்வது?

---

கருங்காலி · மதியம் 1:29

விட்டுவிடச் சொல்லவில்லை, சொல்ல மறந்துவிட்டேன். அதற்கு இன்று செய்ய வேண்டியது மூன்று மணி நேர வேலை இல்லை, ஒரு கேள்வி. "இந்தத் தேதியை யார் போட்டது, வெள்ளிக்கிழமை கொடுத்தால் யாருக்கு என்ன ஆகும்?" அதை இப்போதே கேளுங்கள். மாலை ஆறு மணிக்குக் கேட்டால் அது சாக்கு மாதிரி இருக்கும்.

யாருக்காவது இன்று உண்மையாகவே வேண்டும் என்றால் என் கணக்கு தப்பு. பில்லையும் மதிப்பீட்டையும் தூக்கிவிட்டு அதை வைக்க வேண்டியதுதான்.

---

பகல்வெளிச்சம் · மதியம் 2:02

படிவம் 10:50-க்கே போய்விட்டது.

தேதியை யாரும் போடவில்லையாம்! ஸ்பிரிண்ட் முடியும் நாளைத் தானாக எல்லா டிக்கெட்டிலும் நிரப்பும்படி யாரோ எப்போதோ அமைத்து வைத்திருக்கிறார்கள். பிழையைப் பதிவு செய்தவரைக் கேட்டேன், "அடுத்த மாத அறிக்கைக்குள் வந்தால் போதும்" என்றார். இரண்டு வாரமாக இதைப் பார்த்துப் பார்த்துப் பதறிக்கொண்டிருந்தேன்.

காலையில் என் முக்கால் மணி நேரம் எங்கே போகிறது என்பதும் இன்று கவனித்ததில் தெரிந்தது. டிக்கெட்டைத் திறந்தால் கமெண்டைப் படிக்கிறேன், பதில் எழுதுகிறேன், அப்படியே ஒரு லாகையும் திறந்துவிடுகிறேன்.

---

கருங்காலி · மதியம் 2:09

அதேதான். காலையில் தலைப்பை மட்டும் படியுங்கள், உள்ளே போகாதீர்கள். தினமும் 34-ஐயும் எடைபோட வேண்டிய அவசியமும் இல்லை. நேற்றுப் பார்த்ததில் பெரும்பாலானவை நேற்று மாதிரியேதான் இருக்கும். நேற்றிலிருந்து புதிதாக வந்தவை, யாராவது பதில் எழுதியவை, நேற்றுச் சீட்டில் மிச்சம் இருப்பவை, இவ்வளவையும் சேர்த்தால் எட்டு பத்து வரும். பத்து நிமிட வேலை. முழுப் பட்டியலை வாரத்துக்கு ஒரு தடவை, நான் வெள்ளி மதியம் பார்ப்பேன், அப்போதுதான் ஒவ்வொன்றுக்கும் கடைசித் தொடக்க நாளைக் கணக்கிட்டு எழுதிவைப்பேன்.

விரல்நுனி சொன்ன சில்லறை வேலை பற்றி: மனம் லேசாகும் என்பது உண்மைதான். ஆனால் அதைக் காலையில் செய்தால் நல்ல நேரம் அதற்குப் போய்விடும். மீட்டிங்குக்கு முன்னால் மிஞ்சும் இருபது நிமிடத்தில் செய்யுங்கள்.

---

எண்சுவடி · மாலை 4:47

இதைக் கணக்காகவே பார்க்கலாம். வரிசைக் கோட்பாட்டில் லிட்டில் விதி என்று ஒன்று இருக்கிறது, 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்தது. உள்ளே இருக்கும் எண்ணிக்கையை, நாளுக்கு வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு டிக்கெட் சராசரியாக எவ்வளவு நாள் உள்ளே கிடக்கும் என்று தெரிந்துவிடும். நாளுக்கு இரண்டு முடிக்கிறார் என்று வைத்துக்கொண்டால் 34-ஐ 2-ஆல் வகுக்க, 17 வேலை நாள். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சராசரி 17-தான். காலையில் தேர்ந்தெடுப்பதில் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட உள்ளே வருவதைக் குறைப்பதுதான் வழி.

---

தேன்சிட்டு · மாலை 5:30

எண்சுவடி சார், கணக்கு சரி, முடிவுதான் இடிக்கிறது. சராசரி 17 நாள் என்பதற்கு எல்லாமே 17 நாள் என்று அர்த்தமா? சான்றிதழ் 17 நாள் கிடந்தால் சர்வர் போய்விடும், அந்த ஆவணப் பக்கம் 170 நாள் கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. எது சீக்கிரம் வெளியே போகிறது என்பதுதானே தேர்ந்தெடுப்பது. போதாக்குறைக்கு, வருவதும் போவதும் நீண்ட நாள் பார்வையில் ஒரு நிலையில் இருந்தால்தான் அந்த வகுத்தல் செல்லும். இவருக்குப் பட்டியல் ஏறிக்கொண்டே போகிறது என்று நினைக்கிறேன்.

நான் மென்பொருள் ஆள் இல்லை, கணக்குப் பிரிவு. எனக்கு ஜிரா கிடையாது, மின்னஞ்சலும் ஒரு எக்ஸெல் தாளும்தான். மாதம் முடிந்து முதல் ஐந்து நாளில் கணக்கை முடிக்க வேண்டும். அந்த ஐந்து நாள் காலையில் எது முக்கியம் என்று யோசிக்கவே வேண்டாம், வரிசை ஏற்கெனவே இருக்கிறது. வங்கிக் கணக்கு ஒத்துப்போகாமல் அடுத்தது தொடங்க முடியாது. மிச்ச நாட்களில்தான் தடுமாற்றம். அதற்கு நான் கண்ட வழி, தேர்வை முந்தின மாலையே செய்துவிடுவது. கிளம்பும்போது எது பாதியில் நிற்கிறது என்று நன்றாக நினைவிருக்கும். காலையில் வந்ததும் மின்னஞ்சலைத் திறக்காமல் நேராக உட்கார்ந்துவிடலாம்.

---

கருங்காலி · மாலை 6:12

மாலையில் தேர்ந்தெடுப்பது எனக்கு ஒத்துவரவில்லை. வேறு நேர மண்டலத்தில் இருக்கும் குழு இரவில் எழுதிவைப்பதில்தான் பாதி நாள் என் முதல் வேலை இருக்கும். உங்கள் வேலைக்கு மாலை சரியாக இருக்கலாம். இரவில் எதுவும் வந்து சேராத வேலையா என்பதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

---

தேன்சிட்டு · மாலை 6:20

இரவில் எனக்கும் வருகிறதே. வந்ததில் பாதிக்கு மேல் 11 மணிக்குப் படித்தாலும் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. முதலில் படித்துவிட்டால்தான் அவசரமாகத் தெரிகிறது.

---

மூன்றாம்ஷிப்ட் · இரவு 11:40

மூன்றில் ஒரு பங்கை ஒதுக்குவதா? என் நிலைமை தலைகீழ். சர்வர் கண்காணிப்பு, ஷிப்ட் வேலை. அலாரம் வந்தால் எல்லாம் போச்சு. எட்டு மணி நேரத்தில் ஆறு மணி நேரம் வந்ததைப் பார்ப்பதிலேயே போகும். எவ்வளவு என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அதற்குமுன் பாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சீட்டில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் அரை மணித் துண்டாக நறுக்கினது. "லாக் சுத்திகரிப்பு ஸ்கிரிப்ட்" என்று எழுதமாட்டேன், "ஸ்கிரிப்ட் எந்த ஃபோல்டரை எல்லாம் தொடுகிறது என்று பார்" என்று எழுதுவேன். அலாரம் வந்து எழுந்துபோனாலும் திரும்பி வந்து தொடரலாம்.

மூன்று நாள் தொடர்ந்து ஒரே வரி சீட்டில் இருந்தால் அது இன்னும் நறுக்கப்படவில்லை, அல்லது நான் அதைக் கண்டு பயப்படுகிறேன். எனக்கு இரண்டாவதுதான் அதிகம்.

---

ஊசிப்பட்டாசு · புதன், காலை 8:55

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. என் மேனேஜர் பத்து மணிக்கு வந்து, "எல்லாமே முக்கியம், எல்லாமே இன்றைக்கு" என்பார். 34-இல் நாலைத் தேர்ந்தெடுத்தால் மிச்சம் 30 ஏன் இல்லை என்பார். யாரிடம் போய்க் கடைசித் தொடக்க நாள் என்று சொல்வது?

---

கருங்காலி · காலை 9:20

எல்லா இடத்திலும் எடுபடும் என்று சொல்லமாட்டேன். எனக்கு எடுபட்டது, "எது முக்கியம்?" என்று கேட்காமல் "இன்று இந்த நாலைச் செய்கிறேன், தேதிப் பிழை வெள்ளிக்குப் போகிறது, மாற்ற வேண்டுமா?" என்று காலையிலேயே ஒரு வரி அனுப்புவது. முதல் கேள்விக்கு எல்லாம் என்று சொல்வது சுலபம். இரண்டாவதில் எதையாவது எடுத்தால்தான் வேறொன்றை வைக்க முடியும் என்பது கண்ணுக்குத் தெரியும்.

---

ஊசிப்பட்டாசு · காலை 9:26

அனுப்பிப் பார்த்திருக்கிறேன். "ஓகே, கூடவே இதையும்" என்று பதில் வந்தது.

---

பகல்வெளிச்சம் · திங்கள், காலை 9:40

கிட்டத்தட்ட இரண்டு வாரம் ஆகிறது. ஒன்பது நாள் குறித்துவைத்ததைச் சொல்கிறேன்.

சீட்டில் மொத்தம் 34 வரி எழுதியிருக்கிறேன் (என் டிக்கெட் எண்ணிக்கையும் அதே 34, தற்செயல்). அன்றன்றே முடிந்தது 19. முன்பு பத்தில் இரண்டு முடிந்தாலே அதிகம். காலையில் ஆவது 12 நிமிடம்.

சான்றிதழ் தப்பித்தது, மயிரிழையில். வெள்ளிக்கிழமை பாதுகாப்புக் குழு ஒரு சர்வர் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. திருத்தி அனுப்பி, செவ்வாய் மாலை கைக்கு வந்து, புதன் இரவு ஏற்றினோம். ஒரு நாள் தள்ளி அனுப்பியிருந்தால் வியாழன் காலை என் போன் ஓய்ந்திருக்காது.

பில் பிரச்சினையில் சொதப்பினேன். ஒரு மணி நேர எல்லை முடிந்தபோது "இதோ கிடைத்துவிட்டது" என்ற நிலையில் இருந்தேன். இருந்தேன் என்று நினைத்தேன். மூன்று மணி மீட்டிங்கிலும் மடிக்கணினியில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் காரணம், வரிக்கு வரி பைசாவை முழுமையாக்கிக் கூட்டுவதற்கும் கூட்டிவிட்டு முழுமையாக்குவதற்கும் உள்ள வித்தியாசம். கண்டுபிடித்தது சந்தோஷம்தான். மதிப்பீட்டை இரவு வீட்டில் உட்கார்ந்து எழுதினேன்.

வெள்ளிக்கிழமைகளில் பழையதையும் பார்த்தேன். `updated` வைத்துத் தேடினால் எதுவும் பழையதாகவே தெரியவில்லை, யாராவது லேபிள் மாற்றினாலும் அது புதியதாகிவிடுகிறது. நிலையே மாறாமல் கிடப்பவற்றை இப்படித் தேடினேன்:

```
assignee = currentUser() AND resolution = Unresolved AND created <= -60d AND NOT status CHANGED AFTER -60d
```

11 வந்தது. ஆறின் சொந்தக்காரர்களைக் கேட்டதில் நாலு பேர் "அது இன்னுமா இருக்கிறது?" என்றார்கள். மூடிவிட்டேன்.

ஆனால் லைப்ரரி. வியாழன் தொடங்கிவிட்டேன், காலண்டரிலும் அடைத்தேன். ஏழு நாளில் 12 மணி நேரம் வந்திருக்க வேண்டும், வந்தது 9. இரண்டு நாள் காலை நேரத்தை மீட்டிங் விழுங்கிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. உள்ளே போனபின் தெரிகிறது, 20 இல்லை, 26 மணி நேரமாவது ஆகும். மிச்சம் 17. இன்றையும் சேர்த்து ஐந்து நாள். நாளுக்கு மூன்று மணி இருபது நிமிடத்துக்கு மேல், அதாவது என் நாள் முழுக்க.

---

எண்சுவடி · காலை 9:52

இதற்குத்தான் சொன்னேன், உள்ளே வருவதைக் குறைக்க வேண்டும் என்று. ஐந்து நாளுக்குப் புதிதாக எதுவும் ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிடுங்கள். தேன்சிட்டு என் கணக்கைத் திருத்தியது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். இதில் மட்டும் பின்வாங்கமாட்டேன்.

---

விரல்நுனி · காலை 9:58

இரண்டு நாள் இரவு உட்கார்ந்தால் முடிந்துவிடும். ஒரு தடவைதானே.

---

கருங்காலி · காலை 10:03

இரவு உட்காரலாம், ஆனால் 26 என்பதும் ஒரு ஊகம். இன்னும் உள்ளே போனால் 32 ஆகாது என்று உறுதி சொல்ல முடியுமா? இன்றைய சீட்டில் முதல் வரி லைப்ரரி இல்லை. இந்த எண்களை அப்படியே ரிலீசைப் பார்ப்பவரிடம் இன்று காலை சொல்வதுதான். இன்று சொன்னால் அவருக்கு மூன்று வழி இருக்கிறது: இன்னொருவரைச் சேர்க்கலாம், உங்களிடம் இருந்து மற்றதை எடுக்கலாம், லைப்ரரியை அடுத்த ரிலீசுக்குத் தள்ளலாம். வியாழன் சொன்னால் கடைசி ஒன்றுதான் மிஞ்சும்.

கணக்கில் நானும் ஒரு தப்புச் செய்தேன். 20 மணி நேரம் என்று நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். இதுவரை செய்யாத வேலைக்கு முதல் மதிப்பீட்டை நம்பியிருக்கக் கூடாது. செவ்வாயன்றே ஒரு மணி நேரம் உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். அன்று 35 நிமிடம் மிச்சம் இருந்ததே, அதையாவது.

---

மூன்றாம்ஷிப்ட் · காலை 10:10

அந்த 35 நிமிடத்தையும் பில் சாப்பிட்டிருக்கும் :)

---

பகல்வெளிச்சம் · காலை 10:34

சொல்லிவிட்டேன். முகம் கொஞ்சம் மாறியது. "மூன்று மணிக்கு உட்காரலாம், எங்கெங்கே உடைகிறது என்று அதற்குள் ஒரு பட்டியல் கொண்டுவா" என்றார். இன்றைய சீட்டில் அந்தப் பட்டியல், ஒரு ரிவ்யூ, வேறெதுவும் இல்லை. ரிவ்யூவை முதலில் முடித்துவிடுகிறேன், அவர் வெள்ளிக்கிழமையிலிருந்து காத்திருக்கிறார்.